நீர்மைப் பொறியும் பணவியல் கொள்கையின் எல்லையும்

வட்டி வீதம் குறைந்தால் கடன் பெருகும். கடன் பெருகினால் முதலீடும் வேலைவாய்ப்பும் உயரும். பணவியல் கொள்கை இந்த எதிர்பார்ப்பின் மீதே அமைந்துள்ளது. ஆயினும், வட்டி வீதம் சுழியை நெருங்கிய நிலையில், மைய வங்கி எவ்வளவு பணத்தை வெளியிட்டாலும் அது செலவாக மாறாமல் கையிருப்பாகவே தேங்கிவிடக்கூடும். இந்நிலையே நீர்மைப் பொறி எனப்படுகிறது. ஜே. எம். கீன்ஸ் 1936-இல் வெளியிட்ட ‘வேலைவாய்ப்பு, வட்டி, பணம் பற்றிய பொதுக் கோட்பாடு’ என்னும் நூலில் இவ்வாய்ப்பைச் சுட்டிக்காட்டினார். அதுவரை இதற்கு எடுத்துக்காட்டு எதனையும் தாம் அறியவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். பிற்காலத்தில் ஜப்பான் இதற்கு எடுத்துக்காட்டாயிற்று. 2020-இல் இந்தியாவிலும் இதனை ஒத்த நிலை ஒன்று தோன்றியது.

வழக்கமான பாதை

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர்பெற்றவை. இப்பகுதியைச் சார்ந்த திமிரியில், காலணியின் மேற்பகுதியைத் தைத்துத் தரும் பட்டறை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பட்டறை உரிமையாளர் 20 இலட்சம் ரூபாய்க்குப் புதிய தையல் இயந்திரங்கள் வாங்க எண்ணுகிறார். தேய்மானம் நீங்கலாக, ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் வருவாய் கிடைக்கும் என்று அவர் கணக்கிடுகிறார். இது முதலீட்டில் 12 விழுக்காடு ஆகும்.

வங்கி 14 விழுக்காடு வட்டி கேட்டால் அவர் கடன் பெறமாட்டார். வட்டி 10 விழுக்காடாகக் குறைந்தால் கடன் பெறுவார், இயந்திரம் வாங்குவார், கூடுதலாகச் சிலரைப் பணிக்கு அமர்த்துவார். மைய வங்கி வட்டியைக் குறைக்கும்போது, நாடெங்கும் இத்தகைய முடிவுகள் பல்லாயிரம் எடுக்கப்படுகின்றன. பணவியல் கொள்கையின் ஆற்றல் என்பது இவற்றின் தொகுப்பே.

இப்பாதையில் இரண்டு கண்ணிகள் உள்ளன. மைய வங்கி வெளியிடும் பணம் வட்டி வீதத்தைக் குறைக்க வேண்டும் என்பது முதற்கண்ணி. குறைந்த வட்டி முதலீட்டைத் தூண்ட வேண்டும் என்பது இரண்டாம் கண்ணி. நீர்மைப் பொறியில் அறுவது முதற்கண்ணியாகும். இரண்டாம் கண்ணி அறுவது வேறொரு சிக்கல். கடும் மந்தநிலையில் இவை இரண்டும் சேர்ந்தே தோன்றுவதால், ஒன்றை மற்றொன்றாகக் கருதும் பிழை எளிதில் நேர்கிறது.

முதற்கண்ணி அறுவது எவ்வாறு?

செல்வத்தைப் பணமாகவும் வைத்திருக்கலாம். கடன் பத்திரமாகவும் வைத்திருக்கலாம். பணம் வட்டி ஈட்டாது. ஆனால் அதன் முகமதிப்பு குறையாது. பத்திரம் வட்டி ஈட்டும்; ஆனால் சந்தையில் வட்டி வீதம் உயர்ந்தால் அதன் விலை வீழும். ஊக நோக்கத்திற்கான பணத்தேவை இந்த ஒப்பீட்டிலிருந்தே பிறக்கிறது.

ஆண்டுதோறும் 5 ரூபாய் வட்டி தரும், முதிர்வுக் காலம் இல்லாத பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சந்தை வட்டி 5 விழுக்காடாக இருக்கும்போது அதன் விலை 100 ரூபாய். ஓராண்டில் வட்டி வீதம் 5.25 விழுக்காடாக உயர்ந்தால் விலை ஏறத்தாழ 95 ரூபாய் 24 காசாகக் குறையும். விலைவீழ்ச்சியால் வரும் இழப்பு 4 ரூபாய் 76 காசு. கிடைத்த வட்டி 5 ரூபாய். பத்திரம் வைத்திருந்தவருக்கு நட்டமில்லை.

இனி, சந்தை வட்டி 1 விழுக்காடாக இருப்பதாகக் கொள்வோம். அதே பத்திரத்தின் விலை இப்போது 500 ரூபாய். வட்டி வீதம் 1.01 விழுக்காடாக, அதாவது நூற்றில் ஒரு பங்குப் புள்ளி மட்டுமே உயர்ந்தாலும், விலை ஏறத்தாழ 495 ரூபாயாகக் குறைகிறது. ஓராண்டு முழுவதும் ஈட்டிய 5 ரூபாய் வட்டியை அவ்வீழ்ச்சியே விழுங்கிவிடுகிறது. வட்டி 1.1 விழுக்காடானால் இழப்பு 45 ரூபாயைக் கடந்துவிடும்.

வட்டி மிகக் குறைந்திருக்கும்போது, அது இனி உயரவே வாய்ப்பு மிகுதி என்று பலரும் கருதுவர். எனவே, பத்திரம் தரும் சிறு வட்டிக்காக அந்த இடரை ஏற்க எவரும் முன்வரமாட்டார். மைய வங்கி வெளிச்சந்தையில் பத்திரங்களை வாங்கிப் பணத்தை வழங்கினால், விற்றவர்கள் அப்பணத்தை அப்படியே வைத்துக்கொள்வர். வட்டி சுழியை எட்டியபின் குறுகிய காலப் பத்திரத்துக்கும் பணத்துக்கும் வேறுபாடே இராது. ஏறத்தாழ ஒரே தன்மையுடைய இரு சொத்துகளை மாற்றிக்கொள்வதால் எவருடைய செலவும் மாறாது. இதனால்தான் பணத்தேவைக் கோடு இந்நிலையில் கிடைக்கோடாக வரையப்படுகிறது.

வட்டியைச் சுழிக்கு மிகவும் கீழே கொண்டுசெல்லவும் இயலாது. வைப்புத்தொகைக்கு வங்கி கட்டணம் கேட்கத் தொடங்கினால், மக்கள் பணத்தை எடுத்து ரொக்கமாக வைத்துக்கொள்வர். ரொக்கத்தின் வட்டி சுழி. அதற்குரிய செலவு பாதுகாப்புச் செலவு மட்டுமே. ஜப்பான் வங்கி 2016-இல் அறிவித்த எதிர்மறை வட்டியும் 0.1 விழுக்காடு என்ற சிறு அளவிலேயே நின்றது.

விலை வீழ்ச்சி தரும் சுமை

வட்டி சுழியாக இருந்தும் கடன் சுமையாக இருக்கக்கூடும். பட்டறை உரிமையாளர் வட்டியில்லாமலேயே 10 இலட்சம் ரூபாய் கடன் பெறுகிறார் என்று கொள்வோம். ஓர் இணை மேற்பகுதியின் விலை 500 ரூபாய் என்றால், கடனை அடைக்க 2,000 இணைகள் விற்க வேண்டும். ஓராண்டில் விலை 2 விழுக்காடு குறைந்து 490 ரூபாயானால், ஏறத்தாழ 2,041 இணைகள் விற்க வேண்டும். பெயரளவு வட்டி சுழி. உண்மை வட்டியோ 2 விழுக்காடு.

சாதாரண காலத்தில் மைய வங்கி பெயரளவு வட்டியைக் குறைத்து இச்சுமையை நீக்கும். சுழியை எட்டியபின் அவ்வழி அடைபடுகிறது. விலை மேலும் குறையும் என்று எதிர்பார்ப்பவர்கள் செலவைத் தள்ளிப்போடுவர், தேவை சுருங்கும், விலை மேலும் வீழும். நீர்மைப் பொறி என்னும் பெயரில் உள்ள ‘பொறி’ என்ற சொல்லின் முழுப்பொருள் இங்கேதான் விளங்குகிறது.

ஜப்பானின் பட்டறிவு

நிலம், பங்கு ஆகியவற்றின் விலைகள் 1990-களின் தொடக்கத்தில் சரிந்தபின், ஜப்பானிய நிறுவனங்கள் புதிய முதலீட்டைவிடப் பழைய கடனை அடைப்பதிலேயே கருத்துச் செலுத்தின. 1999 பிப்ரவரியில் ஜப்பான் வங்கி சுழி வட்டிக் கொள்கையை மேற்கொண்டது. 2000 ஆகஸ்டில் அதனைக் கைவிட்டுச் சிறிது உயர்த்தியது. பொருளாதாரம் மீண்டும் தளர்ந்ததால், 2001 மார்ச்சில் வட்டிக்கு மாற்றாகப் பணத்தின் அளவையே இலக்காகக் கொண்டது.

வணிக வங்கிகள் மைய வங்கியில் வைத்திருக்கும் இருப்பைத் தொடக்கத்தில் 5 இலட்சம் கோடி யென் அளவுக்கும், 2004-க்குள் 30 முதல் 35 இலட்சம் கோடி யென் அளவுக்கும் அது உயர்த்தியது. இருப்பு பன்மடங்கு பெருகிய அதே ஆண்டுகளில் வங்கிகள் வழங்கிய கடன் குறைந்துகொண்டே இருந்தது. வங்கியின் இருப்பு பெருகுவது ஒன்று. அது கடனாக மக்களைச் சென்றடைவது மற்றொன்று என்பதை இது காட்டியது.

இந்தியா, 2020

2020 மார்ச் 25-இல் நாடு தழுவிய பொதுமுடக்கம் தொடங்கியது. வெளிநாட்டுச் சந்தையை நம்பியிருந்த தோல் பகுதியில் தொழிற்கூடங்கள் மூடப்பட்டன. அன்றாடக் கூலியை நம்பிய குடும்பங்கள் வருவாய் இழந்தன. மார்ச் 27-இல் இந்திய ரிசர்வ் வங்கி ரெப்போ வீதத்தை 5.15 விழுக்காட்டிலிருந்து 4.40 ஆகவும், மே 22-இல் 4 விழுக்காடாகவும் குறைத்தது. ரொக்க இருப்பு வீதத்தை ஒரு விழுக்காட்டுப் புள்ளி குறைத்ததால் வங்கிகளிடம் 1,37,000 கோடி ரூபாய் விடுபட்டது.

அப்பணம் தொழிற்கூடங்களைச் சென்றடைந்ததா? ஏப்ரல் 15-இல் மட்டும் வங்கிகள் ஏறத்தாழ 6.9 இலட்சம் கோடி ரூபாயை மீள் ரெப்போ முறையில் ரிசர்வ் வங்கியிடமே திரும்ப வைத்திருந்தன. அதனைத் தடுக்க மீள் ரெப்போ வீதம் 3.75 விழுக்காடாகவும், பின்னர் 3.35 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்குச் சென்றடைய வேண்டும் என்ற நோக்கில், ஏப்ரல் 23-இல் 25,000 கோடி ரூபாய் நீண்டகால நிதி ஏலத்திற்கு வைக்கப்பட்டது. வங்கிகள் கேட்டதோ 12,850 கோடி ரூபாய் மட்டுமே. மலிவான பணத்தையும் வாங்க ஆளில்லை.

எனினும், இதனை முழுமையான நீர்மைப் பொறி என்று கூறுதல் பொருந்தாது. இந்தியாவில் வட்டி சுழியை எட்டவில்லை. 2020–21-இல் நுகர்வோர் விலைப் பணவீக்கம் சராசரியாக 6 விழுக்காட்டைக் கடந்திருந்ததால், உண்மை வட்டி எதிர்மறையாகவே இருந்தது. இங்கே அறுந்தது பெரும்பாலும் இரண்டாம் கண்ணி. கடன் திரும்பி வருமா என்று வங்கி அஞ்சியது. வேலை ஆணை வருமா என்று தொழில்முனைவோர் அஞ்சினர். ஆணையே வராத பட்டறைக்கு இயந்திரத்தின் வருவாய் 12 விழுக்காட்டிலிருந்து சுழிக்கு இறங்கிவிடுகிறது. அப்போது வட்டியில்லாக் கடனும் பயன்படாது. அசலையேனும் திருப்ப வேண்டுமல்லவா?

ஆகவே, வங்கிகளில் பணம் தேங்குவதை மட்டும் கொண்டு நீர்மைப் பொறி என முடிவுசெய்யலாகாது. கொள்கை வட்டி சுழியருகே உள்ளதா, இருப்பு பெருகியும் கடன் பெருகவில்லையா, விலைகள் தேக்கமாகவோ வீழ்ச்சியிலோ உள்ளனவா என்னும் மூன்றையும் சேர்த்தே காண வேண்டும். ஜப்பானில் மூன்றும் இருந்தன. இந்தியாவில் இரண்டாவது மட்டுமே தெளிவாகத் தென்பட்டது.

பயன்தரும் கருவிகள்

பணத்தின் விலையைக் குறைப்பது பயன்தராதபோது, தேவையையோ இடரையோ நேரடியாக அணுக வேண்டும். அரசு கடன் பெற்றுச் செலவிடுவது முதல் வழி. வட்டி ஏற்கெனவே சுழியருகே இருப்பதால், அரசின் கடன் தனியார் முதலீட்டை வெளியேற்றும் என்ற வழக்கமான அச்சம் இந்நிலையில் வலுவிழக்கிறது. எதிர்காலத்திலும் வட்டி குறைவாகவே இருக்கும், விலை மிதமாக உயரும் என்ற நம்பிக்கையை மைய வங்கி உருவாக்குவது இரண்டாம் வழி. அந்நம்பிக்கை வேரூன்றினால், பெயரளவு வட்டி மாறாமலேயே உண்மை வட்டி குறையும். ஆனால், நெருக்கடி நீங்கியதும் மைய வங்கி வட்டியை உயர்த்திவிடும் என்று மக்கள் ஐயுற்றால் இது பலிக்காது. 2000 ஆகஸ்டில் ஜப்பான் வங்கி வட்டியை உயர்த்தியது அத்தகைய ஐயத்திற்கு இடமளித்தது.

இடரை அரசு ஏற்பது மூன்றாம் வழி. 2020 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட அவசரக்காலக் கடன் உத்தரவாதத் திட்டம் இவ்வகையைச் சார்ந்தது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் தம் நிலுவைக் கடனில் 20 விழுக்காடு வரை, கூடுதல் பிணையின்றிப் பெற அப்போது வழிசெய்யப்பட்டது. அதற்கு அரசே முழு உத்தரவாதம் அளித்தது. வங்கிகள் இதற்கு விதிக்கக்கூடிய வட்டியின் உச்சவரம்பு 9.25 விழுக்காடாக இருந்தது. 4 விழுக்காட்டு ரெப்போ வீதத்தால் நகராத கடன், அதனைவிட உயர்ந்த வட்டியிலும் உத்தரவாதம் கிடைத்தபின் நகரத் தொடங்கியது. வங்கிகளைத் தடுத்து நிறுத்தியது வட்டி வீதமன்று, இடரே என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.