மூன்று நொடியும் முழுப்பாட்டும்: திரைத் துண்டுகளைப் பொதுவில் வைப்பதில் பதிப்புரிமையின் எல்லை

ஒரு திரைப்படத்திலிருந்தோ பாடலிலிருந்தோ சிறுபகுதியை வெட்டியெடுத்துப் பொதுமக்கள் காணும்படி வைப்பது இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவர்க்கும் எளிதாகிவிட்டது. கல்லூரி ஆண்டுவிழாப் பதிவுகளும் திருமண ஒளிக்காட்சிகளும் மாணவர் படைக்கும் திரைத்திறனாய்வுகளும் இவ்வாறே ஊரெங்கும் உலவுகின்றன. இவ்விடத்தில் பலரும் ஒரு கணக்கைச் சொல்வர். பத்து நொடிக்குள் இருந்தால் குற்றமில்லை என்பார் சிலர். முப்பது நொடி வரை உரிமையுண்டு என்பார் வேறு சிலர். இந்தியச் சட்டத்தில் இத்தகைய நொடிக்கணக்கு எதுவும் இல்லை. அங்ஙனமாயின் எல்லை எங்கே உள்ளது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று நொடி வழக்கு

2015-இல் வெளியான 'நானும் ரௌடி தான்' திரைப்படத்தை நடிகர் தனுஷின் வுண்டர்பார் நிறுவனம் தயாரித்தது. அதில் நடித்த நயன்தாராவின் வாழ்க்கையைக் கூறும் ஆவணப்படம் ஒன்றை நெட்பிளிக்ஸ் 2024 நவம்பரில் வெளியிட்டது. அப்படம் உருவான காலத்துக் காட்சிகளாகிய ஏறத்தாழ மூன்று நொடித் துண்டு ஒன்று, ஆவணப்படத்தின் முன்னோட்டத்தில் இடம்பெற்றதற்காகத் தயாரிப்பாளர் தரப்பு பத்துக் கோடி ரூபாய் கோரியதாக, நயன்தாரா அதே மாதம் தாம் வெளியிட்ட திறந்த மடலில் தெரிவித்தார். வழக்குச் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தது. அதனைத் தொடக்கத்திலேயே தள்ள வேண்டும் என்ற நெட்பிளிக்ஸ் தரப்பின் வேண்டுகோளை 2025 சனவரி 28-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அவ்வாணை வழக்கை அங்கே தொடரலாமா என்பதைப் பற்றியதேயன்றி, மூன்று நொடி உரிமை மீறலா என்பதைத் தீர்மானித்ததன்று.

ஆயினும் இவ்வழக்கு நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. 'மூன்றே நொடிதானே' என்னும் விடை, நீதிமன்றத்தின் வாயிலிலேயே ஒரு வழக்கை முடித்துவிடுவதில்லை. அதற்குக் காரணம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் உள்ளது. திரைப்படத்தைப் படியெடுக்கும் உரிமை அதன் உரிமையாளர்க்கே உரியது என்று கூறும் அப்பிரிவு, படத்தின் பகுதியாகிய எந்தவோர் உருவத்தின் நிழற்படத்தையும் அவ்வுரிமைக்குள் அடக்குகிறது. திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. எனவே மூன்று நொடி என்பது 72 நிழற்படங்கள். சட்டத்தின் எழுத்தைப் பற்றிக்கொண்டு நோக்கின், ஒரு நிழற்படமே வழக்குக்கு இடந்தரும்.

இவ்வெழுத்தை அப்படியே நடைமுறைப்படுத்தினால் திறனாய்வும் செய்தியும் கல்வியும் முடங்கும். ஆகவேதான் சட்டமே சில வாயில்களைத் திறந்து வைத்துள்ளது. நீதிமன்றங்களும் ஒரு வாயிலைக் கண்டுள்ளன.

நீதிமன்றம் கண்ட வாயில்

தில்லி உயர்நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் தீர்த்த வழக்கு இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. இந்தியா டி.வி. என்னும் செய்தி அலைவரிசைக்கு எதிராக யஷ்ராஜ் பிலிம்ஸ் முதலிய நிறுவனங்கள் தொடுத்த வழக்கு அது. பாடகி வசுந்தரா தாஸ் ஒரு நேர்காணலில் தம் இசைவாழ்வைப் பற்றிப் பேசியவாறே தாம் பாடிய திரைப்பாடல்களின் சில அடிகளைப் பாடிக்காட்டினார். பின்னணியில் அப்படங்களின் காட்சித் துண்டுகள் ஓடின. மற்றொரு பகுதி, நுகர்வோர் விழிப்புணர்வு விளம்பரம் ஒன்றில் புகழ்பெற்ற இந்திப் பாடலின் சில சொற்கள் ஒலித்தமை பற்றியது. உரிமையாளரின் படங்களையோ ஒலிப்பதிவுகளையோ அவற்றின் எப்பகுதியையுமோ இசைவின்றி ஒளிபரப்பலாகாது என்று ஒற்றை நீதிபதி முன்னர்த் தடை விதித்திருந்தார்.

வழக்கு எழுந்த காலத்தில், சட்டத்தின் 'நியாயமான கையாளுகை' என்னும் விலக்கு நூல்களுக்கும் இசைக்கும் உரியதாய் இருந்ததேயன்றித் திரைப்படத்திற்கும் ஒலிப்பதிவுக்கும் விரியவில்லை. ஆதலால் இருநீதிபதி அமர்வு, மிகச் சிறியவற்றைச் சட்டம் பொருட்படுத்தாது என்னும் பழைய கோட்பாட்டைக் கையிலெடுத்தது. இழப்பின் அளவும் தன்மையும் யாவை, வழக்காடும் செலவு அதற்குத் தகுமா, மீறப்பட்ட கடமையின் நோக்கம் யாது, பிறர் உரிமை பாதிக்கப்படுகிறதா, செய்தவரின் எண்ணம் யாது என்னும் ஐந்தையும் ஒருசேர எடைபோட்டு, முன்னைய பரந்த தடையை நீக்கியது. பாடகி ஒருவர் தம் வாழ்வைக் கூறும்போது தாம் பாடியதைத் தொட்டுக்காட்டாமல் எவ்வாறு கூறுவார் என்பதே இதன் உட்கருத்து எனலாம். துண்டின் நீளமும் எடைபோடப்பட்டது. ஆனால் அது மட்டுமே முடிவைத் தரவில்லை.

சட்டம் திறந்த வாயில்கள்

அதே 2012-இல் பாராளுமன்றம் 52-ஆம் பிரிவைத் திருத்தி, கணினி நிரல் தவிர்ந்த எல்லாப் படைப்புகளுக்கும் நியாயமான கையாளுகையை விரித்தது. தனிப்பட்ட பயன்பாடு மற்றும் ஆய்வு, திறனாய்வு அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தியை அறிவித்தல் ஆகிய மூன்று நோக்கங்கட்கு இன்று திரைத்துண்டையும் எடுத்தாளலாம். ஆனால் எடுத்தாள்கை நியாயமானதாய் இருத்தல் வேண்டும்.

தமிழ் பயின்றார்க்கு இது புதிய கருத்தன்று. நச்சினார்க்கினியரும் பேராசிரியரும் ஒரு நூற்பாவுக்கு உரை கூறுங்கால், அதனை விளக்கப் போதுமான அளவே செய்யுளை மேற்கோளாகத் தருவர். ஓரடி போதுமாயின் ஓரடி. முழுப்பாட்டும் வேண்டுமாயின் முழுப்பாட்டு. அளவை நிர்ணயிப்பது உரையின் தேவையே. உரையை நீக்கிவிட்டு மேற்கோள்களை மட்டும் அடுக்கினால் அது தொகைநூல் ஆகிவிடும். திரைத்துண்டுக்கும் இவ்வேறுபாடே உரைகல்.

கல்லூரிகட்கென 52-ஆம் பிரிவில் வேறொரு வாயிலும் உண்டு. கல்வி நிறுவனத்தின் செயற்பாடுகளின்போது ஆசிரியரும் மாணவரும் நாடகமோ இசையோ நிகழ்த்தலாம். திரைப்படமும் ஒலிப்பதிவும் போட்டுக் காட்டலாம். ஆனால் அவையோர் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தின் செயற்பாடுகளோடு தொடர்புடையோர் என்னும் வட்டத்திற்குள் அமைதல் வேண்டும். திருமணத்திற்கும் இத்தகைய விலக்கு உண்டு. சமயச் சடங்கிலும் திருமண ஊர்வலத்திலும் அதனோடு சேர்ந்த கொண்டாட்டங்களிலும் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்யலாம். நிக்காஹ் வீட்டில் நாகூர் ஹனீபா அவர்களின் பாடல் ஒலிப்பது இவ்விலக்குக்குள் அடங்கும். அதே பாடல் பின்னணியில் ஒலிக்கும் திருமணப் படத்தை உலகெங்கும் காணும்படி வைப்பதோ அவ்வட்டத்தைக் கடந்த செயலாகும். மண்டபத்திற்குள் தடையற்றது, பொதுவெளியில் இசைவு வேண்டுவதாகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

இராமநாதபுரம் கடற்கரைக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறை மாணவர்கள், தமிழ்த் திரையில் கடலும் கடற்கரை மக்களும் என்னும் பொருளில் 12 நிமிடக் காட்சிக் கட்டுரை ஒன்றைப் படைத்து இணையத்தில் வெளியிட எண்ணுகின்றனர் எனக் கொள்வோம். அதில் மூன்று துண்டுகள் உள்ளன.

முதலாவது, மீனவர் வலை இழுக்கும் 18 நொடிக் காட்சி. ஒரு மாணவியின் குரல் அதன்மேல் ஒலிக்கிறது. வலை எப்பக்கமிருந்து இழுக்கப்படுகிறது, உண்மையில் இக்கரையில் எவ்வாறு இழுப்பர், இயக்குநர் ஏன் அதனை மாற்றினார் என்று அவர் விளக்குகிறார். இது மேற்கோள். காட்சியை நீக்கினால் விளக்கம் விளங்காது. விளக்கத்தை நீக்கினால் காட்சிக்கு அங்கே வேலையில்லை.

இரண்டாவது, பாம்பன் பாலத்தின் மேலிருந்து எடுத்த காட்சிக்குப் பின்னணியாக ஒலிக்கும் ஒரு திரைப்பாடலின் 40 நொடிப் பல்லவி. அப்பாடலைப் பற்றி ஒரு சொல்லும் கட்டுரையில் இல்லை. இஃது அழகுக்காகச் சேர்த்தது. இசைவு பெற்றுப் பயன்படுத்த வேண்டிய பொருளை இசைவின்றிப் பயன்படுத்துவதே இது. எட்டு நொடியாகச் சுருக்கினும் இழப்பின் அளவு குறையுமேயன்றித் திறனாய்வு என்னும் வாயில் திறவாது. 'பாடல் உரிமை எங்களுடையதன்று' என்று கீழே எழுதுவதும் இசைவாகாது.

மூன்றாவது, மாணவர் இருவர் தாமே ஒரு திரைப்பாடலைப் பாடும் பகுதி. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு பாடலில் பாட்டுவரிகள், இசையமைப்பு, ஒலிப்பதிவு என மூன்று தனித்தனி உரிமைகள் உள்ளன. தாமே பாடுவோர் ஒலிப்பதிவைத் தொடவில்லை; வரிகளையும் இசையையும் தொடுகின்றனர். கல்லூரி அரங்கில் பாடியவரை விலக்கு உண்டு. பொதுவில் வைக்கும்போது அவ்விரண்டுக்கும் இசைவு தேவை.

பழைய பாடலாயின் உரிமை முடிந்திருக்குமே என்று கருதுவதிலும் இம்மூன்றையும் பிரித்துக் காணல் வேண்டும். திரைப்படத்திற்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு உரிமை. 1964-இல் வெளியான 'கர்ணன்' திரைப்படத்தின் உரிமைக்காலம் 2024-உடன் நிறைவுற்றது. ஆனால் வரிகளின் உரிமை கவிஞர் மறைந்தபின் 60 ஆண்டு நீடிக்கும். கண்ணதாசன் 1981-இல் மறைந்தார்; எனவே அவர்தம் வரிகள் 2041 இறுதி வரை காப்புடையன.

மாணவர்கள் இரண்டாவது துண்டை நீக்கி, அவ்விடத்தில் கரையோர மீனவர் பாடும் அம்பாப் பாட்டைத் தாமே பதிவுசெய்து சேர்க்கலாம். வழிவழி வந்த பாட்டுக்கு ஆசிரியர் உரிமை இல்லை. எனினும் பாடிய மீனவர்க்கு நிகழ்த்துநர் உரிமை உண்டாதலின், அவரது இசைவை எழுத்தில் பெறுதல் முறை.

இடர் நேருங்கால்

முதல் துண்டு நியாயமானதாயினும் அதற்கும் தடை வரலாம். பெரிய காணொளித் தளங்களில் ஒலியையும் காட்சியையும் பொருத்திப் பார்ப்பது இயந்திரம். அது பொருத்தத்தைக் காணுமேயன்றி நோக்கத்தை அறியாது. அவ்வாறு தடை வருமாயின், எந்தப் படம், எந்த நொடி முதல் எந்த நொடி வரை, எக்கருத்தை விளக்க என்று மறுப்பு எழுதல் வேண்டும். இக்குறிப்பைத் துண்டை வெட்டும் நாளிலேயே எழுதி வைத்திருப்போர்க்கு மறுப்பு எளிது. நம் சட்டத்தின்படி, உரிமையாளரின் முறையீட்டின்பேரில் இடைநிலையாளர் ஒரு படைப்பை 21 நாள் நிறுத்தி வைப்பார். அதற்குள் நீதிமன்ற ஆணை வரவில்லையாயின் மீண்டும் வைக்கலாம்.

ஆகவே வெட்டுமுன் கடிகாரத்தை நோக்குவதினும் இரு வினாக்களை எழுப்புதல் நன்று. இத்துண்டை எடுத்துவிட்டால் நான் சொல்லும் கருத்து விளங்காமற் போகுமா? என் சொற்களை எடுத்துவிட்டால் இத்துண்டு தனியே கண்டுகளிக்கும் பொருளாக நின்றுவிடுமா? முதல் வினாவிற்கு 'ஆம்' என்றும் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் விடை வருமாயின், அது மேற்கோள். விடை மாறி வருமாயின், மூன்று நொடியாயினும் உரிமையாளரிடம் இசைவு கேட்பதே நேர்வழி.