பர்னர் பக்கத்தில் – 9
எங்கே இளகத் தொடங்குகிறது?

போன வாரம் வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, பென்சாயிக் அமிலத்தைப் படிகமாக்கினோம். வடிதாளில் வெள்ளை வெளேரென்று மினுங்கும் ஊசிகள் கிடைத்திருக்கும். பார்வைக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கும். ஆனால் வெண்மையை வைத்துத் தூய்மையைச் சொல்ல முடியாது. பெரும்பாலான மாசுகளும் வெள்ளைதான். அதனால் இந்த வாரம் படிகத்தை உருக்கிப் பார்க்கிறோம்.

ஒரு பக்கம் மூடிய, ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள கேபிலரி குழாயில், நன்றாகக் காயவைத்துப் பொடித்த அமிலத்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குத் தட்டித் தட்டி இறக்க வேண்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் அடி உருகி முடிந்த பிறகும் தலை உருகாமல் நிற்கும். பொருள் தூய்மையாக இருந்தாலும் அசுத்தம் போலத் தெரியும். குழாயைத் தெர்மாமீட்டரின் குமிழோடு ஒட்டி, லிக்விட் பாரஃபின் நிரப்பிய தீலே குழாயில் தொங்கவிடுகிறோம். 100 டிகிரி செல்சியஸ் வரை வேகமாகச் சூடாக்கலாம். அதன்பின் பர்னரை இழுத்து இழுத்து வைத்து, நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் பாதிப் பேர் அவசரப்படுவது இங்கேதான்.

தூய பென்சாயிக் அமிலத்தின் உருகுநிலை 122.4 டிகிரி. நல்ல மாதிரி என்றால் 121 தாண்டும்வரை பொடி பொடியாகவே நிற்கும். பிறகு ஒரு டிகிரிக்குள் மொத்தமும் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். அசுத்தமான மாதிரி அப்படி நடக்காது. 115-லேயே பொடி சுருங்கிக் குழாயின் சுவரைவிட்டு விலகும். 118-ல் ஓரத்தில் ஈரம் பளபளக்கும். பிறகு ஒரு துளி, அதில் மிதக்கும் படிகங்கள், கடைசிப் படிகம் மறையும்போது 121-ஐத் தாண்டியிருக்கும். இதை ரெக்கார்டு நோட்டில் ‘உருகுநிலை 121’ என்று ஒற்றை எண்ணாக எழுதினால் பரிசோதனை செய்ததற்கே பயனில்லை. மாசைப் பற்றிய சேதி, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஏன் இந்த இடைவெளி? படிகத்தின் மேற்பரப்பில் ஓயாமல் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மூலக்கூறுகள் படிகத்தைவிட்டுத் திரவத்துக்குப் போகின்றன. திரவத்திலிருந்து திரும்பி வந்து ஒட்டுகின்றன. தூய பொருளில் 122.4 டிகிரியில் போவதும் வருவதும் சமம். திரவத்தில் அந்நிய மூலக்கூறுகள் கலந்துவிட்டால், படிகத்தின்மேல் வந்து மோதுகிறவற்றில் ஒரு பங்கு இந்தப் படிகத்துக்கு ஒத்துவராதவை. அவற்றுக்கு அங்கே இடமில்லை. வரவு குறைகிறது, செலவு குறையவில்லை. ஆகவே சமநிலை கீழே இறங்குகிறது, படிகம் முன்னதாகவே உருகுகிறது. பென்சாயிக் அமிலத்தை உருக்க மோலுக்குச் சுமார் 18 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதை வைத்துக் கணக்கிட்டால், திரவத்தில் நூற்றுக்கு ஒரு அந்நிய மூலக்கூறு இருக்கும்போது உருகுநிலை ஏறக்குறைய 0.7 டிகிரி குறையும்.

இது உருகுநிலை குறைவதற்கான காரணம் மட்டும்தான். அது பரந்து போவதற்குக் காரணம் வேறொன்று. மாசு படிகத்துக்குள் நுழைவதில்லை. உண்டாகும் முதல் திரவத்தில் மொத்தமாகப் போய்ச் சேர்ந்துகொள்கிறது. அதனால் முதலில் தோன்றும் துளியில் மாசு மிக அடர்த்தி. மேலும் மேலும் படிகம் உருக உருக, உப்புக் கூடிய குழம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவதுபோல அந்த அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்தால் மிச்சமிருக்கும் படிகத்தை உருக்க இன்னும் கொஞ்சம் கூடுதல் வெப்பநிலை தேவை. வெப்பநிலை ஏறினால்தான் அடுத்த பங்கு உருகும்.

எண்களில் பார்த்துவிடுவோம். நூறு மூலக்கூறுகளில் ஒன்று மாசு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமும் உருகி முடியும் கட்டத்தில் திரவத்தில் மாசு 1 சதவீதம், வெப்பநிலை 121.7. பாதி மட்டும் உருகியிருந்தபோது அதே மாசு பாதித் திரவத்தில் இருந்தது, அதாவது 2 சதவீதம். அப்போது வெப்பநிலை 121. ஐந்தில் ஒரு பங்கு உருகியபோது 5 சதவீதம். 119-க்குச் சற்றுக் கீழே. பத்தில் ஒரு பங்கு உருகியபோது 10 சதவீதம், சுமார் 115. பொடி சுருங்கியதாக நாம் கண்டது இந்தக் கட்டம்தான். அதற்கும் கீழே உருகிய அளவு கண்ணுக்கே படாது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று. கடைசிப் படிகம் மறையும் வெப்பநிலை வெறும் 0.7 டிகிரிதான் நகர்ந்திருக்கிறது. தெர்மாமீட்டரின் பிழையே அந்த அளவு இருக்கலாம். தொடக்கமோ பல டிகிரி கீழே போய்விட்டது. மருந்து நூல்களே இதில் ஒன்றுபடவில்லை. ஐரோப்பிய மருந்து நூல் கேபிலரி முறையில் கடைசித் துகள் உருகும் வெப்பநிலையைத்தான் உருகுநிலை என்கிறது. அமெரிக்க நூல் பொடி இடிந்து சுவரில் சாயும் இடம், முழுவதும் திரவமாகும் இடம் இரண்டையும் கேட்கிறது. மாசைத் தேடுகிறவருக்கு அமெரிக்க வழிதான் உதவும் என்பது என் கட்சி.

கணக்கு மூலக்கூறு எண்ணிக்கையில் நடக்கிறது, எடையில் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. பென்சாயிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 122, தண்ணீரின் எடை 18. படிகத்தில் எடைக்கு 1 சதவீத ஈரம் தங்கிவிட்டால், எண்ணிக்கையில் அது 6 சதவீதத்துக்கும் மேல். வேதிப்பொருள் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தும் உருகுநிலை நாலைந்து டிகிரி சரிந்து பரந்துவிடும். அகன்ற இடைவெளி வந்தால் உடனே மறுபடியும் படிகமாக்க ஓட வேண்டாம். முதலில் டெசிகேட்டரில் வைத்து நன்றாக உலர்த்திப் புதுக் குழாயில் போட்டுப் பாருங்கள். இடைவெளி சுருங்கினால் குற்றவாளி ஈரம்தான்.

இடைவெளி குறுகலாக இருப்பதாலேயே பொருள் தூயது என்று சொல்லிவிடவும் முடியாது. இரண்டு பொருள்கள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருந்தால் இரண்டும் ஒரே வெப்பநிலையில் சேர்ந்து உருகும். தூய பொருள் போலவே கூர்மையாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: மாதிரியோடு கொஞ்சம் சுத்தமான பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து அரைத்து மறுபடி பாருங்கள். உண்மையிலேயே தூயது என்றால் எதுவும் மாறாது. கலவை என்றால் விகிதம் கெட்டு, உருகும் இடைவெளி விரிந்துவிடும். ஆள் அடையாளம் பார்ப்பதற்கும் இதே உத்திதான். யூரியா, சின்னமிக் அமிலம் இரண்டும் தனித்தனியே 133 டிகிரியை ஒட்டி உருகும். இரண்டையும் சேர்த்து அரைத்தால் அதற்கு வெகு கீழேயே இளகிவிடும்.

இந்த முறைக்குச் சுத்தமாகக் கண் தெரியாத மாசும் ஒன்று உண்டு. படிகமாக்குவதற்கு முன், சோடியம் பென்சோயேட் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றித்தான் நம் பென்சாயிக் அமிலத்தைப் பெற்றோம். கூடவே சாதாரண உப்பும் உண்டானது. சரியாகக் கழுவாவிட்டால் அது படிகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். உருகிய பென்சாயிக் அமிலத்தில் உப்பு கரையாது. கரையாத பொருள் திரவத்துக்குள் போகாது, போகாவிட்டால் வரவைக் குறைக்காது, உருகுநிலையையும் தொடாது. மணலோ வடிதாள் நாரோ விழுந்தாலும் இதே கதை. பத்தில் ஒரு பங்கு உப்பு இருந்தாலும் தெர்மாமீட்டர் நிம்மதியாக 122 காட்டும். திரவம் தெளியாமல் அடியில் வெள்ளைத் துகள் நிற்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். சந்தேகம் என்றால் ஒரு சிட்டிகையைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டுப் புகைப்போக்கிக்குக் கீழே சூடாக்குங்கள். பென்சாயிக் அமிலம் நெடியோடு ஆவியாகி மறைந்துவிடும். உப்பு கிண்ணத்திலேயே தங்கும்.