தெருப் பலகைக்கு ஒரு மனு

எங்கள் தெருமுனையில் இருந்த பெயர்ப் பலகை மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியபோது பிடுங்கப்பட்டது. வேலை முடிந்து பள்ளத்தை மூடினார்கள். பலகை திரும்பி வரவில்லை. எங்கள் பகுதியில் ஒரே பெயரில் மூன்று குறுக்குத் தெருக்கள் உண்டு. எண்ணைக் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும். ஓர் இரவு 108 ஆம்புலன்ஸ் மூன்றாவது தெருவுக்குள் போய்த் திரும்பி வந்தது. மறுநாளே பதினோரு வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டு நகராட்சிக்கு மனு கொடுத்தோம்.

அந்த மனு பலிக்கவில்லை. தவறு எங்கள் வாசகத்தில் இருந்தது. ‘எங்கள் கிணற்றடித் தெருவுக்குப் பெயர்ப் பலகை வைத்துத் தர வேண்டும்’ என்று எழுதியிருந்தோம். கிணற்றடித் தெரு என்பது நாங்கள் வாய்ப்பழக்கமாகச் சொல்லும் பெயர். அலுவலகப் பதிவேட்டில் அப்படி ஒரு தெருவே இல்லை. அதனால் புதிதாகப் பெயர் கேட்கிறோம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெயர் சூட்டுவது என்றால் நகர்மன்றத் தீர்மானம் வேண்டும். இருந்த பலகையைத் திரும்ப வைப்பது வெறும் பராமரிப்பு வேலை. இரண்டும் வேறு வேறு கோப்புகள். எங்கள் மனு தவறான கோப்பில் போய் உட்கார்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற எழுத்தர்தான் வழி சொன்னார். “சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க தம்பி, அதுல என்ன பேர் இருக்கோ அதையே எழுதுங்க” என்றார். ரசீதில் ‘பெருமாள் கோயில் 2-வது குறுக்குத் தெரு’ என்று இருந்தது. இரண்டாவது மனுவை ஆணையருக்கே எழுதினோம்.

‘பொருள்: வடிகால் பணியின்போது அகற்றப்பட்ட தெருப் பெயர்ப் பலகையை மீண்டும் அமைக்கக் கோருதல்’ என்று ஒரே வரி. அதன் கீழே வார்டு எண், பலகை நின்ற இடம், அது அகற்றப்பட்ட மாதம். இடத்தைக் குறிக்கும்போது ‘தெருமுனையில்’ என்று விட்டுவிடாமல், ‘பிரதான சாலையிலிருந்து நுழையும்போது இடதுபுறம், மின்கம்பத்துக்கு அடுத்து’ என்று எழுதினோம். களப் பார்வைக்கு வரும் பணியாளர் யாரையும் கேட்காமல் அந்த இடத்தில் நிற்க முடிய வேண்டும். ரசீதின் நகலையும், ஒரு வீட்டுத் திருமணப் படத்தில் தற்செயலாகப் பதிந்திருந்த பழைய பலகையின் படத்தையும் இணைத்தோம். தெருவிளக்கு, குப்பைத்தொட்டி பற்றிய குறைகளையும் சேர்க்கச் சிலர் விரும்பினார்கள். அவை வேறு பிரிவுகளுக்குப் போகும் என்பதால் தனி மனுவாக்கினோம்.

நேரில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் பெற்றுக்கொண்டோம். அந்த நகல் இல்லாவிட்டால் பிறகு எதையும் கேட்க முடியாது. பதிலே வராமல் போனால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் அந்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கையைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை. ஆறாவது வாரம் பலகை வந்தது.

உங்கள் தெருப் பலகை இன்னும் நின்றுகொண்டிருந்தால், அதை இன்றே ஒரு படம் எடுத்து வையுங்கள்.