உஷார்! இன்ஷூரன்ஸ் கம்பெனி போனில் சொன்னதற்கு உங்களிடம் என்ன சாட்சி?

"ஹெல்ப்லைன்ல பேசிட்டேன். எல்லாம் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

இப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்களா? தயவுசெய்து இருக்காதீர்கள். போனில் சொன்னவர் நாளை அந்த நாற்காலியில் இருக்கமாட்டார். அவர் சொன்னது எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. பணம் வரவேண்டிய நாளில் நீங்கள் தனியாக நிற்பீர்கள்.

முடிச்சூர் பக்கம் ஓர் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. வாசலில் நின்ற காருக்குள் சீட் மட்டத்துக்குத் தண்ணீர். வடிவதற்கே இரண்டு நாள் ஆனது. 6-ம் தேதி ஹெல்ப்லைனைக் கூப்பிட்டார். கிளெய்ம் நம்பர் கொடுத்தார்கள். "ரெண்டு நாள்ல சர்வேயர் வந்துடுவார் மேடம்" என்றார்கள். யாரும் வரவில்லை.

9-ம் தேதி மறுபடியும் கூப்பிட்டார். சேறு காயக் காய வயரிங் எல்லாம் துருப்பிடித்துவிடும் என்று மெக்கானிக் பயமுறுத்தியிருந்தார். அதைச் சொன்னதும் எதிர்முனையில் இருந்த பையன் ரொம்பப் பரிவாகப் பேசினான். "ஊர் முழுக்க வண்டிங்க மேடம், சர்வேயர் லேட்டாகும். நீங்க டோ பண்ணி வொர்க் ஷாப்ல விட்டுடுங்க. போட்டோ எடுத்து வெச்சுட்டுப் பிரிக்கச் சொல்லுங்க. நான் நோட் பண்ணிக்கிட்டேன். டோயிங் செலவும் முழுசா வந்துடும்."

அவர் நம்பினார். வொர்க் ஷாப்பில் வண்டியைப் பிரித்தார்கள். ஊறிப்போன சீட் ஃபோம், கார்ப்பெட், வயரிங் எல்லாவற்றையும் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். சர்வேயர் 15-ம் தேதி வந்தார். "பிரிக்கிறதுக்கு முன்னாடி நான் பாக்கணுமே? கழட்டின பார்ட்ஸ் எங்கே?" என்று கேட்டார். பார்ட்ஸ் இல்லை. போனில் எடுத்த நாலைந்து படங்கள்தான் இருந்தன. பில் ஏறக்குறைய 2 லட்சம். கைக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை.

"உங்க ஆளுதானே பிரிக்கச் சொன்னார்?" என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: "எங்க சிஸ்டத்துல அப்படி எதுவும் இல்லையே மேடம். யார் சொன்னாங்க? பேர் தெரியுமா?"

பெயர் தெரியாது. போனின் கால் லிஸ்ட்டில் பதினொரு நிமிடம் பேசியது இருக்கிறது. என்ன பேசினார்கள் என்பது இல்லை.

அந்தப் பையன் பொய் சொன்னான் என்று நான் சொல்லவரவில்லை. மனதார உதவத்தான் நினைத்திருப்பான். ஆனால் உங்கள் கிளெய்மை முடிவு செய்பவர் அவன் இல்லை. ஹெல்ப்லைனில் இருப்பவர் அழைப்பு முடிந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு வரி குறிப்பு போடுவார். 'வாடிக்கையாளர் கேட்டார், நிலவரம் சொல்லப்பட்டது' என்ற மாதிரி. சர்வேயரும் கிளெய்ம் அதிகாரியும் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று தொடக்கத்தில் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவு இருப்பது அவர்களிடம். காலம் போனால் அது அழிக்கப்படலாம்.

இப்போது பாலிசியை எடுத்துப் பாருங்கள். நம் நாட்டு கார் பாலிசிகளில் பெரும்பாலும் ஒரே மாதிரி நிபந்தனைகள்தான் இருக்கும். சேதம் ஏற்பட்டவுடன் எழுத்து மூலம் கம்பெனிக்குத் தெரிவிக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது.

எழுத்து மூலம்! போன் மூலம் என்று இல்லை.

கம்பெனியைக் கேட்காமல் நீங்களாகச் செய்துகொள்ளக்கூடிய ரிப்பேருக்கு உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? வழக்கமான வாசகத்தில் 500 ரூபாய்! அதற்கு மேல் எதைத் தொட்டாலும் அனுமதி வேண்டும். வண்டியை இழுத்துச் செல்லும் செலவுக்கும் 1,500 ரூபாய் என்று வரம்பு போட்டிருக்கும். 'முழுசா வந்துடும்' என்று போனில் சொன்ன டோயிங் செலவின் கதி இதுதான்.

இனி, போனில் எந்தப் பேச்சு காதில் விழுந்தால் பதறவேண்டும் என்று சொல்கிறேன்.

"நான் நோட் பண்ணிட்டேன்." என்ன நோட் செய்தார்? வாசித்துக்காட்டச் சொல்லுங்கள்.

"ரெண்டு நாள்ல." எந்த இரண்டு நாள்? ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்தா? போனை வைப்பதற்கு முன்பே, "அப்போ செவ்வாய்க்கிழமை, 12-ம் தேதி சாயந்திரத்துக்குள்ள. சரிதானே?" என்று கேட்டுத் தேதியை வாங்கிவிடுங்கள்.

"பண்ணிக்கலாம், பிரச்சினை வராது." இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. இதை நம்பித்தான் நீங்கள் ஏதோ ஒன்றைச் செய்யப் போகிறீர்கள், செய்தபின் திரும்ப முடியாது.

"மெயிலெல்லாம் எதுக்கு, என் நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க." ஏஜென்ட்டோ சர்வேயரோ தன் சொந்த நம்பரிலிருந்து பேசும்போது அடிக்கடி வரும் பேச்சு இது. அனுப்புங்கள், தப்பில்லை. ஆனால் அவர் போனில் கிடப்பது கம்பெனியின் ஃபைலில் இருப்பது ஆகாது. கம்பெனிக்கும் மெயில் போகவேண்டும்.

அன்றைக்கே போகவேண்டும்! அடுத்த வாரம் சர்வேயர் மறுத்தபின் எழுதினால், பணத்துக்காக இப்போது சொல்கிறார் என்பார்கள். பேசிய அன்றே, வண்டியில் கை வைக்கும் முன்பே எழுதிய மெயிலை அப்படித் தள்ள முடியாது. அனுப்பிய தேதியும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடும்.

நீளமாக எழுதத் தேவையில்லை. அந்த அம்மா 9-ம் தேதி பேசியவரின் பெயரையும் சர்வேயர் வரும் தேதியையும் கேட்டு வாங்கி, மதியமே இப்படி ஒன்றை அனுப்பியிருந்தால் போதும்:

பொருள்: கிளெய்ம் எண் ..., பாலிசி எண் ..., வண்டி எண் ... – இன்று போனில் பேசியது

இன்று 9.12.2023 காலை 11.20-க்கு உங்கள் ஹெல்ப்லைனில் பேசினேன். பேசியவர் தன் பெயர் ... என்றார். 6-ம் தேதி சொன்னபடி சர்வேயர் வரவில்லை என்று தெரிவித்தேன். 12.12.2023 செவ்வாய் மாலைக்குள் வருவார் என்றார். படம் எடுத்துக்கொண்டு வொர்க் ஷாப்பில் வண்டியைப் பிரிக்கலாம் என்றார். டோயிங் செலவு முழுவதும் கிடைக்கும் என்றார். தண்ணீர் புகுந்தபின் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை என்று நான் சொன்னேன். பிரிப்பதற்கான அனுமதியை எழுத்தில் உறுதி செய்யுங்கள். மேலே உள்ளதில் எதுவும் தவறாக இருந்தால் 11.12.2023 மாலை 5 மணிக்குள் தெரிவியுங்கள். இந்த அழைப்பின் ஒலிப்பதிவை கிளெய்ம் முடியும்வரை அழிக்கவேண்டாம்.

அவ்வளவுதான். ஆங்கிலம் வரவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள், தமிழிலேயே அனுப்புங்கள். நேரத்தைக் கால் லிஸ்ட்டைப் பார்த்து எழுதுங்கள். அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள்.

ஸ்டார்ட் செய்யவில்லை என்ற வரி எதற்கு என்று கேட்பீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் இன்ஜின் உடையலாம். அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதமில்லை என்று சொல்லி, இன்ஜினுக்குத் தனி கவர் எடுக்காதவர்களுக்குப் பணத்தை மறுப்பது வழக்கம். அதனால் ஹெல்ப்லைனில் இந்தக் கேள்வி வரும். நீங்கள் சொன்ன பதிலும் தவறாகப் பதிவாகியிருக்கலாம். உண்மையில் என்ன நடந்ததோ, என்ன சொன்னீர்களோ அதையே எழுதிவையுங்கள்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. கூட்டி எழுதாதீர்கள்!

அவர் "முயற்சி பண்றோம்" என்று சொல்லியிருந்தால், 'முயற்சி செய்வதாகச் சொன்னார்' என்றே எழுதுங்கள். 'உறுதி கொடுத்தார்' என்று எழுதிவிட்டால், ஒருநாள் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக மெயிலில் இருக்கும் நிஜங்களும் சந்தேகத்துக்குள்ளாகும்.

பதில் வரவில்லை என்றால்? கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது. மறுநாள் அதே மெயிலின் தொடர்ச்சியாகவே இன்னொன்று போடுங்கள். அதற்காக சேறு காயும் வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மாவும் இருக்க முடியாது. சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் பாலிசிப்படி உங்களுடையதுதான். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். தண்ணீரை வெளியேற்றச் சொல்லுங்கள். பிரித்தே தீரவேண்டிய நிலை என்றால், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காகப் பிரிக்கிறீர்கள் என்று முன்கூட்டியே மெயில் போடுங்கள். வீடியோ எடுங்கள். கழற்றிய ஒரு ஸ்க்ரூகூட வெளியே போகாமல் வொர்க் ஷாப்பில் மூட்டைகட்டி வைக்கச் சொல்லுங்கள். இதைச் செய்திருந்தால் சர்வேயர் கேட்டபோது அந்த அம்மா பார்ட்ஸைக் காட்டியிருப்பார்.

மெயில் போட்டுவிட்டால் பாலிசியில் இல்லாத பணமும் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். 1,500 ரூபாய் வரம்பு வரம்புதான். ஆனால் 'அனுமதி இல்லாமல் பிரித்தார்' என்று உங்கள் மேல் குற்றம் சொல்ல வரும்போது, அந்த மெயில் நிற்கும்.

சொன்ன தேதி தாண்டிவிட்டதா? அதே மெயிலோடு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 14 நாளில் தீர்க்கவில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். கம்பெனி உங்கள் புகாரை மறுத்துவிட்டாலும், ஒரு மாதம் பதிலே இல்லாவிட்டாலும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். ஆனால் ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். அங்கே முதலில் கேட்பது, கம்பெனிக்கு நீங்கள் எழுத்து மூலம் கொடுத்த புகாரைத்தான். "போன்ல பத்து தடவை சொன்னேன் சார்" என்பது அங்கே எடுபடாது.

கடைசியாக, நிறைய வீடுகளில் கவனிக்காத ஒன்று. பாலிசியில் பதிவாகியிருக்கும் மெயில் ஐடி யாருடையது என்று பாருங்கள். அவசரத்துக்கு ஏஜென்ட் தன் ஐடியையே போட்டிருப்பார்! அப்படியானால் கம்பெனி அனுப்பும் பதிலும், 'இந்த ஆவணம் கொடுங்கள், இல்லையேல் கிளெய்மை மூடிவிடுவோம்' என்ற கடைசி நோட்டீசும் அவருக்குத்தான் போகும். உங்கள் கண்ணில் படவே படாது. இன்றைக்கே கம்பெனிக்கு எழுதி உங்கள் ஐடியை மாற்றச் சொல்லுங்கள். மாற்றிவிட்டதாக அவர்களிடமிருந்து பதில் மெயில் வந்ததா என்றும் பாருங்கள்.