பெஞ்சில் இருக்கிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

ஐடி நிறுவனத்தில் வேலை செய்பவர் வீட்டில் ‘பெஞ்ச்’ என்ற சொல் விழுந்தாலே எல்லோருக்கும் கலக்கம் வந்துவிடுகிறது. ஒரு புராஜெக்ட் முடிந்துவிட்டது, அடுத்தது கிடைக்கவில்லை. ஆள் நிறுவனத்தில்தான் இருக்கிறார், சம்பளமும் வருகிறது. ஆனால் அவருடைய உழைப்பைக் கணக்குக் காட்டி வாடிக்கையாளரிடம் பணம் வாங்க நிறுவனத்துக்கு வழியில்லை. இந்த இடைவெளியைத்தான் பெஞ்ச் என்கிறார்கள். முன்பெல்லாம் இது புதிய தொழில்நுட்பம் படிக்கக் கிடைத்த ஓய்வு மாதிரி இருந்தது. இப்போது நாட்களை எண்ணுகிறார்கள். டிசிஎஸ் நிறுவனம் 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி, ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 நாட்களாவது பில்லிங்கில் இருக்க வேண்டும், 35 நாட்களுக்கு மேல் பெஞ்சில் இருக்கக் கூடாது.

பெஞ்சில் மூன்று, நான்கு மாதம் ஆனதும் எச்.ஆர். அழைக்கிறார். அப்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. வேலை இல்லை என்பதால் சம்பளத்தைக் குறைக்க முடியுமா? வேலையை விட்டே அனுப்ப முடியுமா?

சம்பளம் யாருடைய பொறுப்பு?

‘பெஞ்ச்’ என்று எந்த இந்தியச் சட்டத்திலும் ஒரு பிரிவு கிடையாது. அமெரிக்காவுக்கு எச்-1பி விசாவில் போனவர்களுக்கு அங்குள்ள விதி நேராகவே பேசுகிறது: வேலை கொடுக்க முடியாமல் உட்கார வைத்தாலும் ஒப்புக்கொண்ட ஊதியத்தை நிறுவனம் தர வேண்டும். இங்கே நாம் பொதுவான தொழிலாளர் சட்டத்திலிருந்துதான் பதிலைத் தேட வேண்டும்.

அதற்கு உதவும் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனத்தின் மும்பை ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது டெல்லி அலுவலகத்துக்குச் சரக்கு வரவில்லை. ‘உங்களுக்கு வேலை இல்லை’ என்று அங்கிருந்த ஊழியர்கள் சிலரை நிறுவனம் கூலியில்லாமல் நிறுத்தி வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலை இல்லாத நாட்களில் பாதிச் சம்பளம் கொடுத்து ‘லே-ஆஃப்’ செய்வது பற்றிய சட்டப் பிரிவுகள் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு மட்டுமே எழுதப்பட்டவை, அலுவலகத்துக்கு அல்ல. அப்படியானால் நிறுவனத்துக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? பணி ஒப்பந்தத்திலோ நிலையாணைகளிலோ இருந்தால் வரும், இல்லையென்றால் அப்படி நிறுத்தி வைக்கும் உரிமையே இல்லை என்று 1976-இல் நீதிமன்றம் சொன்னது. ஐடி நிறுவனமும் அலுவலகம்தான். ஆர்டர் கிடைக்காதது தொழில் நடத்துபவரின் நட்டக் கணக்கு. வேலைக்கு வரத் தயாராக இருப்பவரின் தலையில் அதை இறக்கி வைக்க முடியாது.

ஆகவே மாத நிலைச் சம்பளத்தை, ‘புராஜெக்ட் இல்லை’ என்ற ஒரே காரணத்துக்காக நிறுவனம் தானாகவே குறைக்க முடியாது. ஊதியத்தில் எதையெல்லாம் பிடித்தம் செய்யலாம் என்ற பட்டியல் ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது, பெஞ்ச் அதில் இல்லை. ஊதிய நிபந்தனையை மாற்ற வேண்டுமானால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு கேட்கிறது.

ஆனால் இரண்டு ஓட்டைகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வேரியபிள் பே. பில்லிங் நாட்களைப் பொறுத்தே அது கிடைக்கும் என்று பணி நியமன ஆணையில் எழுதியிருந்தால், பெஞ்ச் காலத்தில் அது குறைவதை எதிர்ப்பது கடினம். இரண்டாவது, வருகைப் பதிவு. வேலைக்கு வராத நாளுக்கான பிடித்தம் சட்டப் பட்டியலில் இருக்கிறது. ‘புராஜெக்ட்தான் இல்லையே’ என்று வீட்டில் இருந்துவிட்டால் அந்த நாட்கள் சம்பளமில்லா விடுப்பாகிவிடும். அது தொடர்ந்தால் ‘தகவலின்றிப் பணிக்கு வராதவர்’ என்ற குற்றச்சாட்டும் வரும். பெஞ்சில் இருக்கும்போதுதான் அட்டையைத் தேய்த்து உள்ளே போவது மிக முக்கியம்.

அனுப்ப முடியுமா?

முடியும். ஒருவருக்கு வேலையே இல்லாதபோது அவரை என்றென்றும் வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதற்கு ஒரு முறையும் விலையும் உண்டு என்று மட்டும் சொல்கிறது. அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. 1947-இன் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த விதிகள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குக் காரணம் குறிப்பிட்டு ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான ஊதியம் தர வேண்டும். வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும். அதே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் சாதாரணமாக முதலில் அனுப்ப வேண்டும். மாற்றினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். புதிய சட்டத்தின்படி, மறுபயிற்சி நிதிக்காக இன்னொரு 15 நாள் ஊதியத்தையும் நிறுவனம் செலுத்த வேண்டும். அது ஊழியரின் கணக்குக்கு வர வேண்டிய பணம்.

‘ஆட்குறைப்பு இல்லை, செயல்திறன் போதவில்லை என்பதால்தான் அனுப்புகிறோம்’ என்று சொன்னால்? புராஜெக்டே இல்லாதவருக்கு ஆண்டு மதிப்பீட்டில் குறைந்த ரேட்டிங் கொடுத்து, பிறகு பிஐபி போட்டு வெளியே அனுப்புவது இந்த வழியில்தான். தண்டனையாக அல்லாமல் ‘எந்தக் காரணத்துக்காகவும்’ பணியை முடிப்பது ஆட்குறைப்பே என்பது சட்டத்தின் வரையறை. ஓய்வு பெறுதல், ஒப்பந்தக் காலம் முடிதல் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. இந்தச் சொற்களை அவற்றின் முழு அகலத்திலேயே படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் தீர்ப்பளித்தது. காரணத்துக்கு வேறு பெயர் சூட்டுவதால் இழப்பீடு மறைந்துவிடாது.

நான் ‘தொழிலாளி’யா?

இந்தப் பாதுகாப்பு ‘தொழிலாளி’க்குத்தான். லட்ச ரூபாய் சம்பளம் வாங்கும் மென்பொருள் பொறியாளர் தொழிலாளி ஆவாரா என்று பலர் தயங்குகிறார்கள். தொழில்நுட்ப வேலை செய்பவருக்குச் சம்பள உச்சவரம்பு எதையும் சட்டம் வைக்கவில்லை. நிர்வாகம் செய்பவரையும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரையும்தான் விலக்குகிறது. நீதிமன்றம் பதவியின் பெயரைப் பார்க்காது, செய்த வேலையைப் பார்க்கும். ‘டீம் லீட்’ என்று அட்டையில் இருந்தாலும் நாள் முழுக்கக் கோடு எழுதி, பிழை திருத்தியிருந்தால் ஒரு பதில். நாலு பேருக்கு விடுப்பு அனுமதித்து, மதிப்பீடு போட்டிருந்தால் வேறு பதில். நான் தொழிலாளிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு ஊழியருடையது. அதனால்தான் இங்கே வழக்குகள் இழுபடுகின்றன.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இன்னொரு வாசலும் உண்டு. 1947-இன் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41-ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் அனுப்பக் கூடாது. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. மற்றவர்கள் 30 நாட்களுக்குள் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த 30 நாள், ‘ஆணையைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம்’ என்று இருப்பவர்களிடமிருந்து சத்தமில்லாமல் நழுவிப் போகிறது.

ஒரு கையெழுத்தின் விலை

இவ்வளவு சட்டம் இருந்தும் பெஞ்சில் இருப்பவர்கள் வெறுங்கையோடு போவது ஏன்? அவர்களை நிறுவனம் பணிநீக்கம் செய்வதே இல்லை. ‘நீங்களே பேப்பர் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் டெர்மினேஷன் என்று போடுவோம், அடுத்த கம்பெனி சரிபார்க்கும்போது சிக்கல் வரும்’ என்கிறார்கள். பயந்துபோய் ராஜினாமா செய்துவிடுகிறார்கள். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஆறு ஆண்டு எட்டு மாதம் வேலை செய்திருக்கிறார். சட்டத்தின் வரையறைப்படி அவருடைய மாத ஊதியம் 52,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாடகைப்படி போன்றவை இதற்கு வெளியே. ஆறு மாதத்தைத் தாண்டிய பகுதி ஓர் ஆண்டாகக் கணக்கில் சேரும், எனவே ஏழு ஆண்டு. கிராஜுவிட்டி 2,10,000 ரூபாய். இது ராஜினாமா செய்தாலும் கிடைக்கும். ஆட்குறைப்பு என்றால் இதற்கு மேல் இழப்பீடு 1,82,000, ஒரு மாத முன்னறிவிப்பு ஊதியம் 52,000, மறுபயிற்சி நிதி 26,000 என 2,60,000 ரூபாய் வர வேண்டும். பணி ஆணையில் இரண்டு, மூன்று மாத நோட்டீஸ் என்று இருந்தால் தொகை இன்னும் கூடும். ஒரு வரி ராஜினாமா மின்னஞ்சலில் போவது இந்தப் பணம் மட்டுமல்ல, கேள்வி கேட்கும் உரிமையும்தான். மிரட்டி வாங்கியது என்று பிறகு வாதாடலாம். ஆனால் மூடிய அறைக்குள் பேசியதற்குச் சாட்சி யார்?

ஆகவே பெஞ்சில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே எழுத்தில் இருங்கள். ஆட்களைப் புராஜெக்டில் சேர்க்கும் ஆர்.எம்.ஜி. பிரிவுக்கு, ‘வேலை கொடுங்கள், தயாராக இருக்கிறேன்’ என்று வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தப் புராஜெக்டுக்கு நேர்காணலுக்குப் போனீர்கள், என்ன பதில் வந்தது என்பதைக் குறித்து வையுங்கள். வேறு ஊருக்குப் போகச் சொன்னால் வாய்மொழியாக மறுக்காதீர்கள். இடமாற்ற நிபந்தனை நியமன ஆணையில் இருந்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தும், மறுப்பே குற்றமாகும். சிரமம் இருந்தால் காரணத்தை எழுதுங்கள். சம்பளம் வருகிறதே என்று இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்துவிடவும் வேண்டாம். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் அது தெரிந்துவிடும், நியாயமாக நடந்துகொண்ட உங்கள் வழக்கே கெட்டுவிடும். நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், மதிப்பீட்டுக் கடிதங்கள் ஆகியவற்றின் நகலைச் சொந்தக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியைத் திருப்பி வாங்கிய நிமிடமே அலுவலக மின்னஞ்சல் மூடப்படும். வாடிக்கையாளரின் கோப்புகளை மட்டும் தொடாதீர்கள்.

எச்.ஆர். அழைத்து ராஜினாமா கேட்டால், ‘யோசித்து எழுத்தில் பதில் தருகிறேன்’ என்று எழுந்து வாருங்கள். அன்றே, இன்னாரெல்லாம் இன்னது கேட்டார்கள், நான் விலக விரும்பவில்லை, வேலை செய்யத் தயார் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், அது ஏற்கப்படும் முன்பே திரும்பப் பெறுவதாக எழுதுங்கள். வேலையை விட்டு நீக்கினால் ஆணையை எழுத்தில் கேளுங்கள். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். 45 நாளில் தீர்வு வராவிட்டால் தீர்ப்பாயத்துக்கே நேராகப் போகலாம். புதிய சட்டத்தில் இதற்கான காலக்கெடு, மூன்று ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்துவிட்டது.

பேரம் பேசி நல்ல தொகையோடு விலகுவதும் தவறில்லை. வயதான பெற்றோர், வீட்டுக் கடன், அடுத்த வேலைக்கான அவசரம் என ஒவ்வொருவர் நிலைமையும் வேறு. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்ற கணக்குத் தெரிந்து விலக வேண்டும். நிறுவனம் தர வேண்டிய 2,60,000 ரூபாயை அறிந்தவரிடம் எச்.ஆர். பேசும் தொனியே மாறிவிடும்.