"kinathu thannila oil manakkuthu": இதைக் கணினி எந்தப் பெட்டிக்குள் போடும்?

"kinathu thannila oil manakkuthu" என்று சுன்னாகத்திலிருந்து ஒருவர் முறைப்பாடு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எங்களுக்கு உடனே விளங்கும். அந்தப் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் தீர்ப்பும் வந்தது. ஆனால் முறைப்பாடுகளை நீர், வீதி, குப்பை என்று தானாகப் பிரிக்கும் மென்பொருளுக்கு இந்த வசனம் இலகுவானதல்ல.

முதல் சிக்கல் எழுத்துக்கூட்டல். thanni, tanni, thanny எல்லாம் எங்களுக்கு ஒரே தண்ணிதான். முழுச் சொல்லாக எண்ணும் கணினிக்கோ அவை மூன்று வெவ்வேறு சொற்கள். முதலில் தமிழ் எழுத்துக்கு மாற்றிவிடலாமே என்றால், அங்கேயும் மாட்டுப்படும்: "manam" என்பது மணமா, மனமா?

அதனால் சொல்லை மூன்று மூன்று எழுத்துத் துண்டுகளாக வெட்டும் பழைய முறையே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. thanni என்பது tha, han, ann, nni ஆகிறது. இவற்றில் மூன்று துண்டுகள் thannyயிலும், இரண்டு tanniயிலும் இருக்கின்றன. ஒன்றைப் படித்த கணினி மற்றதையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் இது வட்டார வழக்கைக் காப்பாற்றாது. தமிழ்நாட்டு "varala"வுக்கும் எங்கள் "varela"வுக்கும் பொதுவாக இருப்பது var என்ற ஒரே துண்டு. ஆகவே இங்கே எழுதப்படும் செய்திகளையே சேர்த்து, ஆட்கள் வாசித்து, வகை குறித்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் எண்ணிக்கை. பாரதி ராஜா சக்கரவர்த்தியும் குழுவினரும் 2020இல் வெளியிட்ட தமிழ்-ஆங்கிலக் கலப்புத் தொகுப்பில், திரைப்பட முன்னோட்டங்களுக்கு யூடியூப்பில் வந்த 15,744 கருத்துகள் உள்ளன. அவற்றில் 10,559 பாராட்டு வகை. ஒன்றையுமே படிக்காமல் எல்லாவற்றுக்கும் "பாராட்டு" என்று சொல்லும் கணினிக்கும் 67 சதவீதம் சரி கிடைத்துவிடும்!

முறைப்பாடுகளில் இது இன்னும் மோசமாகலாம். 1,000 செய்திகளில் எண்ணெய் மணம் பற்றியவை 10 என்று வைத்தால், அந்தப் பத்தையும் தவறவிடும் மென்பொருளின் மதிப்பெண் 99 சதவீதம். அதனால் மொத்த மதிப்பெண்ணைக் கேட்பதில் பயனில்லை. அந்தப் பத்தில் எத்தனையைப் பிடித்தது என்று கேட்க வேண்டும்.

பயிற்சியின்போது அரிதான வகையில் விடும் பிழைக்குக் கூடுதல் தண்டனை கொடுக்கலாம், அல்லது அந்தச் செய்திகளைப் பல தடவை காட்டலாம். பிரதி எடுப்பதென்றால் சோதனைக்குரியதை முதலில் தனியே ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே செய்தி இரண்டு பக்கமும் இருந்து, மதிப்பெண் பொய்யாக ஏறும். ஆனாலும் பத்துச் செய்தியில் இரண்டைச் சோதனைக்கு வைத்தால், ஒன்று தவறினாலே பாதி போய்விடும். அந்த எண்ணை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், எண்ணெய் வகையில் கணினிக்குச் சிறிய சந்தேகம் வந்தாலே செய்தி ஓர் அலுவலரின் மேசைக்குப் போக வேண்டும். சமையல் எண்ணெய் விலை பற்றிய செய்திகளும் அதோடு சேர்ந்து வரும். அவர் அவற்றையும் வாசித்துக் கழிக்கத்தான் வேண்டியிருக்கும்.