பழைய கார் வாங்குவோர் ஆறிய எஞ்சினைச் சோதிக்கும் முறை

நம் சங்க உறுப்பினர்களில் பலர் இப்பொழுது பழைய கார் வாங்குவதைப் பற்றி விசாரித்து வருகின்றனர். துணிச் சிப்பங்களைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், விளைபொருளுக்கு விலை விசாரித்து வரவும், குடும்பத்தோடு வெளியூர் போய் வரவும் ஒரே வண்டி உதவும் என்பது அவர்கள் எண்ணம். அத்தகைய வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் வர்ணத்தையும் இருக்கைகளையும் பார்த்துவிட்டு, எஞ்சினை ஒருமுறை ஓடவிட்டுத் திருப்தி அடைந்து விடுகிறார்கள். ஆனால் அந்த எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்ததா, ஆறி இருந்ததா என்பதைக் கவனிப்பவர் சிலரே. சோதனையின் பயன் முழுவதும் அந்த ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது.

காரணம் யாதெனில், உலோகம் சூட்டில் விரியும். தேய்ந்து இளகிப்போன பிஸ்டனும், அதன் ரிங்குகளும் சூடேறி விரிந்தவுடன் இடைவெளி குறைந்து ஓரளவு சரியாகப் பொருந்திக் கொள்கின்றன. ஓடும் எஞ்சினில் ஆயிலும் எல்லா இடங்களுக்கும் பரவி, சத்தத்தை அடக்கிவிடுகிறது. இரவு முழுவதும் நின்ற எஞ்சினிலோ உலோகம் சுருங்கியிருக்கும். ஆயில் வடிந்து அடித்தொட்டியில் தங்கியிருக்கும். ஆகவே தேய்மானம் இருந்தால் அது முதல் சில நிமிஷங்களில் தன்னை வெளிப்படுத்தியே தீரும். சூடான எஞ்சின் மறைப்பதை ஆறிய எஞ்சின் சொல்லிவிடுகிறது.

எனவே, வண்டிக்காரரிடம், "நாளைக் காலையில் வருகிறோம், நாங்கள் வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குறைந்தது ஆறு முதல் எட்டு மணி நேரமாவது வண்டி நின்றிருத்தல் நலம். போய்ச் சேர்ந்தவுடன் முதற் காரியமாகப் பானட்டின் மேலும், பின்புறச் சைலன்சர் குழாயின் அருகிலும் கையை வைத்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சண்டையிட வேண்டியதில்லை, வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். இரண்டாம் முறையும் அவ்வாறே இருந்தால், அந்த வண்டியை விட்டுவிடுவதே விவேகம்.

எஞ்சின் ஆறியிருந்தால், ஓடவிடுமுன் பானட்டைத் திறந்து இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம். ஆயில் அளவுக் கோலை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்தால், ஆயில் இரு குறிகளுக்கு இடையில் நிற்க வேண்டும். அது பால் கலந்த காப்பியைப் போல் இருந்தால், உள்ளே நீர் கலந்திருக்கலாம். ரேடியேட்டர் மூடியையும் இப்பொழுதுதான் அச்சமின்றித் திறக்க முடியும்; சூடான போது திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். அந்நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது.

இப்பொழுது வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துக்கொள்ள வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்தானது. ஒருவர் சாவியைத் திருப்பட்டும். மற்றவர் பின்னால், குழாயிலிருந்து சற்று விலகி நிற்கட்டும். இருவர் போவது அவசியம். ஏனெனில் முதல் புகையும் முதல் சத்தமும் சேர்ந்தே வந்து சேர்ந்தே போய்விடும். ஒருவரே இரண்டையும் கவனித்தல் இயலாது. சாவியைத் திருப்பியவுடன் ஆயில் அழுத்தம் காட்டும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிய இரண்டு மூன்று வினாடிகளில் அது அணைந்துவிட வேண்டும். அணையத் தாமதித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

முதலில் சத்தம். சங்கிலி வைத்த எஞ்சின்களில், அச்சங்கிலியை இழுத்து நிறுத்தும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குகிறது. ஆயில் வந்து சேரும்வரை ஒரு வினாடியோ இரண்டு வினாடியோ 'கடகட'வென்று ஒரு சலசலப்பு எழலாம். அது அத்தோடு நின்றால் பொறுத்துக் கொள்ளலாம். அதற்கு மேலும் நீடித்தாலோ, சூடேறிய பின்னும் கேட்டாலோ, சங்கிலியும் டென்ஷனரும் தேய்ந்துவிட்டன. தறிநாடா ஓடுவதைப் போன்று சீராகக் கேட்கும் 'டிக் டிக்' என்னும் மெல்லிய ஒலி மேல்பகுதியிலுள்ள டேப்பட்டினுடையது. ஆயில் ஏறியதும் அரை நிமிஷத்தில் குறைந்தால் கவலையில்லை. மந்தமான 'டக் டக்' என்னும் இடி, சூடேறச் சூடேறக் குறையுமானால், பிஸ்டன் சிலிண்டருக்குள் தளர்ந்து ஆடுகிறது என்று கருதலாம். அதே இடி அடிப்பகுதியிலிருந்து வந்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்தோறும் கனத்து, சூடேறிய பின் அதிகரிக்குமானால், கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டது, அவ்வண்டியை வாங்கலாகாது. தகர டப்பாவைத் தட்டுவது போன்ற ஒலி பெரும்பாலும் சைலன்சரைச் சுற்றியுள்ள தகட்டினுடையது. அது ஒரு திருகாணிச் செலவோடு தீரும்.

அடுத்தது புகை. குளிர்ந்த காலையில் மெல்லிய வெண்மை தோன்றி, சில நிமிஷங்களில் மறைந்தால், அது குழாயில் தங்கிய ஈரம் ஆவியாவதேயாம். உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் அதை மிகுதியாகக் காணலாம். சமவெளியில் வெயில் நாட்களில் அவ்வளவு தெரியாது. எஞ்சின் சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை நிற்காமல், இனிப்பான வாசனையோடு வந்தால், ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் கசிகிறது. ஹெட் காஸ்கெட் சேதமாகியிருக்கலாம். நீலம் பாய்ந்த புகை, ஆயில் எரிவதன் அடையாளம். ஓடத் தொடங்கும்போது மட்டும் ஒரு கொத்தாக வந்து தீர்ந்தால், வால்வுத் தண்டின் ரப்பர்ச் சீல் காய்ந்து, இரவில் ஆயில் கசிந்து இறங்கியிருக்கிறது. தீராமல் தொடர்ந்தாலும், வேகம் கூட்டும்போதெல்லாம் பின்தொடர்ந்தாலும், ரிங்குகள் தேய்ந்துள்ளன எனலாம். முன்னதற்கு ஆகும் செலவு கொஞ்சம். பின்னதற்கு எஞ்சினையே பிரிக்க வேண்டும். கரும்புகை, பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி எரிவதைக் காட்டும். டீசல் வண்டியில் மட்டும், ஆறிய நிலையில் சற்றுக் கரடுமுரடான ஓசை இயல்பே. அதில் குளிரில் வெண்புகை நீடித்து, எஞ்சின் ஓடத் தயங்கினால், சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது ஐடிலிங் எனப்படும் நிற்கும் ஓட்டம். இக்காலப் பெட்ரோல் எஞ்சின், ஆறிய நிலையில் தானாகவே நிமிஷத்துக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,500 சுற்று வரை சற்று வேகமாக ஓடத் தொடங்கி, சூடேறச் சூடேற 700 முதல் 900 வரை இறங்கி நிலைக்க வேண்டும். தொடங்கியவுடனேயே 600க்குக் கீழ் இறங்கி, உடல் நடுங்குவது போல் வண்டி குலுங்கினால், ஏதோ குறை உண்டு. காற்று நுழையும் திராட்டிலில் கரி படிந்திருத்தல், ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்று கசிதல், ஸ்பார்க் பிளக் பழுதடைதல் ஆகியவை எளிய காரணங்கள். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருத்தல் கடினமான காரணம். இவற்றுள் எது என்பதைக் காதால் மட்டும் தீர்மானிக்க முடியாது. ஆனால் மெக்கானிக்கிடம் போக வேண்டும் என்பதை அந்த நடுக்கமே சொல்லிவிடும்.

இவற்றை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். சென்னிமலைப் பக்கத்து நெசவாளர் ஒருவர், ஈரோட்டுச் சந்தைக்குப் போர்வை கொண்டு செல்வதற்காக, 2014ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்தார். 92,000 கிலோமீட்டர் ஓடியதாக மீட்டர் காட்டியது. விலை மூன்று லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டுகளாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. மாலை நான்கு மணிக்கு நாம் அவருடன் சென்றபோது, எஞ்சின் சூடாக இருந்தது. 800 சுற்றில் ஆடாமல் ஓடிற்று. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. அன்றே முன்பணம் கொடுக்க அவர் துணிந்தார். "ஒரு நாள் பொறுங்கள், அண்ணா" என்று நாம் தடுத்தோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சென்றோம். பானட் சில்லென்றிருந்தது. ஆயில் கீழ்க்குறியைத் தொட்டுக்கொண்டு நின்றது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடிற்று. சங்கிலிச் சத்தம் ஒரு வினாடியில் அடங்கியது. ஆனால் சுற்று 1,300க்கு ஏறிய மறுகணம் 550க்கு இறங்கி, வண்டி குலுங்கத் தொடங்கியது. பின்னால் நீலப்புகை எழுந்து, மூன்று நிமிஷம் வரை தீரவில்லை. பத்து நிமிஷம் கழித்துக் குலுக்கம் தானே நின்று, முந்தைய மாலையில் கண்டது போலவே சீராயிற்று. பிறகு சாலையில் ஓட்டி வேகம் கூட்டியபோது, நீலப்புகை மீண்டும் பின்தொடர்ந்தது. குறைந்த ஆயில், நீடித்த நீலப்புகை, சூடேறினால் மறையும் குலுக்கம் ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டின.

வண்டிக்காரரின் சம்மதத்தோடு ஒரு மெக்கானிக்கிடம் அழுத்தம் அளந்து பார்க்கச் செய்தோம். மூன்று சிலிண்டர்களில் சதுர அங்குலத்துக்கு 165 முதல் 170 பவுண்டு வரை இருந்தது. மூன்றாம் சிலிண்டரில் மட்டும் 110. அதற்குள் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி அளந்தபோது 150க்கு ஏறியது. ஊற்றிய ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைத்ததால்தான் அழுத்தம் ஏறியது. ஆகவே பழுது ரிங்கில் என்பது உறுதியாயிற்று. வால்வில் பழுது இருந்தால், ஆயில் ஊற்றியும் அளவு ஏறியிராது. எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்யும் செலவைக் கழித்துக் கொள்ள வண்டிக்காரர் இசையவில்லை. நம் நண்பர் திரும்பிவிட்டார். சீட்டுப் பணம் அவர் கையிலேயே இருந்தது.

இச்சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தையும் புகையையும் சில நாட்கள் தணித்து வைக்கலாம். ஆயில் புதிதாகவும் மிகக் கெட்டியாகவும் இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க வேண்டும். மேலும் கியர், கிளட்ச், விபத்தில் வளைந்த சட்டம், பத்திரங்களின் நிலை ஆகியவற்றைப் பற்றி ஆறிய எஞ்சின் ஒன்றும் சொல்லாது. அவற்றை வேறாகவே பார்த்தறிய வேண்டும். எஞ்சினைப் பொறுத்தவரை, விலை பேசுவதற்கு முன் ஒரு விடியற்காலையை அதற்கென ஒதுக்கி வைப்பீர்களாக.